சிவப்புக் கோட்டை எப்போது அணைப்பது?

கார் பந்தய கேம் ஆடத் தொடங்கிச் சில வாரம் ஆனவர்கள் இரண்டு விதமாகப் புலம்புவார்கள். "எல்லா ரேஸும் ஜெயிச்சாச்சு, போர் அடிக்குது" என்பார் ஒருவர். "லெவலை ஒண்ணு ஏத்தினேன், அடுத்த ரேஸ்லயே கடைசி இடம்" என்பார் இன்னொருவர். இருவருமே எதிராளியின் லெவலை மட்டும்தான் தொட்டிருப்பார்கள். அதே செட்டிங்ஸ் பக்கத்தில் சற்றுக் கீழே ஓட்டுநர் உதவிகள் என்று ஒரு வரிசை இருக்கும். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைச் சாலையிலேயே சிவப்பாகக் காட்டும் கோடு, கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லாம் அங்கே இருக்கின்றன. லெவலும் உதவிகளும் ஒன்றையொன்று பாதிப்பவை. இரண்டையும் சேர்த்து நகர்த்தத் தெரிந்தால் முன்னேற்றம் படிப்படியாக வரும்.

பொதுவாகச் சொல்வதைவிட ஒரே கேம், ஒரே டிராக், ஒரே காரை வைத்துப் பார்க்கலாம். கேம், டர்ன் 10 ஸ்டுடியோஸ் உருவாக்கி 2023 அக்டோபரில் வெளிவந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்'. இதில் கணினி ஓட்டும் எதிராளிகளின் திறமையை 1 முதல் 8 வரை வைத்துக்கொள்ளலாம். டிராக், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் லகூனா சேகா. ஒரு சுற்று சுமார் 3.6 கிலோமீட்டர், 11 வளைவுகள். கார், மஸ்தா எம்எக்ஸ்-5. இரண்டு பேர் உட்காரும் சின்ன கார், எடை சுமார் ஒரு டன். எஞ்சின் சக்தி குறைவு, பின் சக்கரங்கள்தான் காரைத் தள்ளும். பழகுவதற்கு இப்படிப்பட்ட கார்தான் தோது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அவசரமாக அழுத்தினாலும் உடனே சுழன்றுவிடாது. ஆனால் தப்பு செய்தால் பின்பக்கம் அசைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எதிராளி எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும்?

லெவல் மிகவும் குறைவாக இருந்தால் இரண்டாவது சுற்றுக்குள் எல்லாரையும் முந்திவிடுவீர்கள். மிகவும் அதிகமாக இருந்தால் இரண்டாவது சுற்றுக்குள் எல்லாரும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். இரண்டிலும் மிச்ச நேரம் தனியாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். எதிராளியால் நமக்குக் கிடைக்கும் பெரிய பயன், அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான். அவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், வளைவின் உள் ஓரத்தை எங்கே தொடுகிறார், வெளியே வரும்போது எந்த இடத்தில் நம்மைவிட்டு விலகுகிறார் என்று பார்த்துக்கொண்டே ஓட்டலாம். முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கு எரியும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் இலவசப் பாடம். அவர் பார்வையில் இருக்கும் வரைதான் அது கிடைக்கும்.

அதனால் லெவலைத் தேர்ந்தெடுக்க ஜெயித்தோமா தோற்றோமா என்பது நல்ல அளவுகோல் அல்ல. லேப் நேரங்களைப் பாருங்கள். ஐந்து சுற்று ஓட்டி, உங்கள் நேரங்களை வேகமானதிலிருந்து மெதுவானது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் உண்மையான வேகம். மிகச் சிறந்த லேப் அதிர்ஷ்டத்திலும் வரும். பந்தயத்தில் உங்களுக்கு முன்னால் முடிக்கும் எதிராளியின் வழக்கமான லேப், இந்த நடு நேரத்தைவிட அரை வினாடி அளவுக்கு வேகமாக இருந்தால் அந்த லெவல் உங்களுக்குப் பொருத்தம். ஏறக்குறைய 110 வினாடி எடுக்கும் ஒரு சுற்றில் அரை வினாடி என்பது சின்ன இடைவெளி. அவர் கண்ணைவிட்டு மறைய மாட்டார், சும்மா பிடிபடவும் மாட்டார்.

அளக்கும்போது முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லாக் காரும் ஒரே வளைவுக்குள் நுழையும் நெரிசலில் யாருடைய நேரமும் உண்மை பேசாது. இந்த கேமின் போட்டிகளில் பந்தயத்துக்கு முன் பயிற்சிச் சுற்றுகள் உண்டு. அதன்பிறகு எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பழகும் நாட்களில் வரிசையின் பின்பாதியிலிருந்து தொடங்கினால் எப்போதும் துரத்த ஒரு கார் முன்னால் இருக்கும்.

இந்தக் கணக்கு செல்லாத கேம்களும் உண்டு. நாம் முன்னேறினால் எதிராளிகளின் வேகத்தைக் கூட்டி, பின்தங்கினால் குறைத்து, கூட்டத்தை எப்போதும் ஒன்றாகவே வைத்திருக்கும் கேம்களில் லேப் நேரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. கண்டுபிடிப்பது சுலபம். வேண்டுமென்றே ஒரு சுற்றை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இடைவெளி கூடவே இல்லை என்றால் அது அந்த வகை.

ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உண்மையில் என்ன செய்கிறது?

இது கேமுக்காகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. நிஜக் கார்களில் 1990களின் நடுவிலிருந்து இருக்கிறது. ஸ்டீயரிங் எந்த அளவு திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்த அளவு திரும்புகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கார் கேட்டதற்கு மேல் திரும்பினால், அதாவது பின்பக்கம் சறுக்க ஆரம்பித்தால், வெளிப்பக்க முன் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும். கேட்ட அளவு திரும்பாமல் முன்பக்கம் நழுவினால் உள்பக்கப் பின் சக்கரத்தில் பிடிக்கும். தேவைப்பட்டால் எஞ்சின் சக்தியையும் குறைக்கும். மழை நாளில் நெடுஞ்சாலையில் இது உயிரைக் காக்கும். பந்தயத்திலோ வேகத்தைத் தின்னும், அதைவிட முக்கியமாக உங்கள் தப்பை உங்களிடமிருந்தே மறைக்கும்.

எப்படி என்று புரிய டயரின் பிடிமானத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகமெடுப்பது மூன்றும் அந்த ஒரே தொகையிலிருந்துதான் செலவாகின்றன. முழு பலத்தோடு பிரேக் பிடித்துக்கொண்டே முழுதாகத் திருப்பவும் செய்தால் செலவு வரவைத் தாண்டிவிடும், கார் நழுவும். நல்ல ஓட்டுநர் வளைவை நெருங்கும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். ஒன்று குறையக் குறைய மற்றது கூடும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் போட்டிருக்கும்போது இந்த நிதானம் இல்லாமலேயே வளைவு முடிந்துவிடும். பிரேக்கைப் பட்டென்று விட்டாலும், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பினாலும் அது சமாளித்துக்கொடுக்கும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் கார் கொஞ்சம் மந்தமாக இருப்பது மட்டும்தான்.

ஃபோர்ஸா வரிசை கேம்களில் வேகமானி இருக்கும் இடத்தில் STM, TCR, ABS என்ற எழுத்துகள், அந்தந்த உதவி வேலை செய்யும் நொடியில் ஒளிரும். STM ஸ்டெபிலிட்டி, TCR டிராக்‌ஷன். ஒரு சுற்று முழுக்க STM எங்கெல்லாம் எரிகிறது என்று கவனித்துப் பாருங்கள். லகூனா சேகாவில் 9ஆவது வளைவு இதற்கு நல்ல இடம். ரெய்னி வளைவு என்று பெயர். நீளமான இடது வளைவு, இறக்கத்தில் இருக்கிறது. இறக்கம் என்பதால் காரின் எடை முன்னால் சாய்ந்து பின் டயர்களின் பிடி குறைந்திருக்கும். வளைவின் நடுவில் "கொஞ்சம் வேகம் ஜாஸ்தியோ" என்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்தால் எடை இன்னும் முன்னால் போய் STM பளிச்சென்று எரியும். உதவி இல்லாதிருந்தால் அங்கேதான் நீங்கள் சுழன்றிருப்பீர்கள். அந்த விளக்கு எரியும் இடங்களின் பட்டியல்தான் நீங்கள் படிக்க வேண்டிய பாடத்தின் பட்டியல்.

எதை முதலில் அணைப்பது?

தானாக ஸ்டீயரிங் திருப்பும் உதவி, தானாக பிரேக் பிடிக்கும் உதவி இரண்டும் போட்டிருந்தால் முதலில் அவற்றை எடுங்கள். அவை இருக்கும் வரை மற்ற எதை அணைத்தாலும் காரை ஓட்டுவது கேம்தான். அடுத்து ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். அதன்பிறகு பிரேக் கோடு. கோட்டை முதலில் எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் கோடு இருக்கும்போது எங்கே பிரேக் பிடிப்பது என்ற கவலை இருக்காது. மனம் முழுவதையும் எப்படிப் பிடிப்பது, எப்படி விடுவது என்பதில் வைக்கலாம். கை பழகிய பிறகு கண்ணைப் பழக்குவது எளிது. இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால், சுழன்றது இடம் தெரியாததாலா, கை அவசரப்பட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் அதற்கும் பிறகு. எம்எக்ஸ்-5 போன்ற சக்தி குறைந்த காரில் அது அபூர்வமாகத்தான் எரியும், அதனால் அவசரமில்லை. 500, 600 குதிரைத்திறன் காருக்குப் போகும்போது அது தனிப் பாடம். ஏபிஎஸ்ஸை அணைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நிஜ ஜிடி3 பந்தயக் கார்களிலேயே ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் உண்டு. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் பிரேக் பொத்தான் விரலளவு தூரம்கூட நகராது. அதை வைத்துச் சக்கரம் பூட்டாமல் பிடிப்பது தேவையில்லாத சிரமம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒருவர் முழுக் கோடு, ஸ்டெபிலிட்டி, டிராக்‌ஷன், ஏபிஎஸ் எல்லாம் போட்டு லெவல் 4இல் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், முறையைப் பாருங்கள். அவருடைய ஐந்து சுற்றுகள்: 1:52.3, 1:52.0, 1:52.6, 1:52.1, 1:52.4. நடு நேரம் 1:52.3. மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் 0.6 வினாடிதான் வித்தியாசம். முன்னால் இருக்கும் எதிராளி 1:51.8 ஓட்டுகிறார். அரை வினாடி இடைவெளி, பொருத்தமான லெவல்.

இப்போது ஸ்டெபிலிட்டியை மட்டும் அணைக்கிறார். அடுத்த ஐந்து சுற்றுகள்: 1:53.4, 1:51.3, ஒரு முறை சுழன்றதால் 1:59.8, பிறகு 1:52.7, 1:51.5. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1:51.3 கண்ணில் பட்டதும் "நான் வேகமாகிட்டேன்" என்று லெவலை 5க்கு ஏற்றுவார்கள். நடு நேரத்தைப் பார்த்தால் 1:52.7, அதாவது முன்பைவிட மெதுவு. சுழன்ற சுற்றை விட்டுவிட்டாலும் வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் 2.1 வினாடி வித்தியாசம். வேகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது, நிதானம்தான் இன்னும் வரவில்லை என்று இந்த எண்கள் சொல்கின்றன. இந்த நேரத்தில் லெவலை ஒன்று குறைத்து 3இல் வைப்பதுதான் சரி. அங்கே எதிராளி 1:52.5 ஓட்டுகிறார் என்றால் துரத்த ஆளும் கிடைத்தார், ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சுழல்வது எங்கே என்பதைப் பாருங்கள். வளைவுக்குள் நுழையும்போதே பின்பக்கம் வந்துவிட்டால், பிரேக் இன்னும் பலமாக இருக்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டீர்கள். நடுவில் வந்தால் ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று விட்டிருப்பீர்கள். வெளியேறும்போது வந்தால், ஸ்டீயரிங் நேராவதற்குள் ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்திவிட்டீர்கள். சுழன்றதும் ரீவைண்ட் பொத்தானை அழுத்தும் பழக்கத்தை இந்தக் கட்டத்தில் விட்டுவிடுவது நல்லது. அழித்துவிட்டுப் போனால் எங்கே, ஏன் என்பது மனதில் நிற்காது. இந்த கேம் டிராக்கின் ஒவ்வொரு பகுதியையும் நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்று 10க்கு மதிப்பெண் போடும். எப்போதும் குறைந்த மதிப்பெண் வாங்கும் வளைவில் முதலில் உட்காருங்கள்.

கொஞ்ச நாளில் நேரங்கள் 1:51.6, 1:51.4, 1:51.9, 1:51.5, 1:51.7 என்று வருகின்றன. நடு நேரம் 1:51.6, வித்தியாசம் 0.5. நிதானம் திரும்பிவிட்டது. லெவலை மறுபடி 4க்கு ஏற்றலாம். அங்கே எதிராளி 1:51.8தான், இப்போது இவர் அவரைவிட வேகம். ஜெயிக்க ஆரம்பித்துவிடுவார். உடனே 5க்குப் போக வேண்டாம். கையில் இருக்கும் இந்த உபரி வேகத்தை அடுத்த உதவியை அணைக்கச் செலவிடலாம். கோட்டை எடுத்தால் கொஞ்சம் வேகம் குறையும், அப்போது லெவல் 4 தானாகவே சரியான லெவலாகிவிடும். லெவலை ஏற்றுவதும் உதவியை எடுப்பதும் ஒரே நாளில் நடக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கோடு சொல்வதும் சொல்லாததும்

பிரேக் கோட்டின் நிறம் உங்கள் அப்போதைய வேகத்தைப் பொறுத்து மாறும். வேகம் அதிகமென்றால் சிவப்பு, குறையக் குறைய மஞ்சள். புது டிராக்கைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது ஒரே ஒரு பாதையைத்தான் காட்டும். பக்கத்தில் இன்னொரு கார் இருக்கும்போது நீங்கள் அந்தப் பாதையில் இருக்க மாட்டீர்கள். அப்போது அதன் நிறம் உதவாது. அது பிரேக் சொல்லும் இடமும் பல வளைவுகளில் முன்னெச்சரிக்கையானது. பழகியவர்கள் அதற்கும் தாண்டிப் போய்ப் பிடிப்பார்கள். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், கண் அந்தக் கோட்டிலேயே ஒட்டிக்கொள்வது. காருக்கு முன்னால் சில மீட்டர் தரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவீர்கள். அடுத்த வளைவு எங்கே முடிகிறது என்று தெரியாது.

முதலில் கோட்டை முழுசாக எடுக்காமல், பிரேக் இடங்களில் மட்டும் காட்டும் அமைப்புக்கு மாறுங்கள். அதில் சில சுற்று ஓட்டும்போது ஒரு வேலை செய்யுங்கள். கோடு சிவப்பாகும் அந்த நொடியில் சாலை ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தூரப் பலகையோ, ஓரக் கல் தொடங்கும் இடமோ, தார் நிறம் மாறும் இடமோ, ஒரு மரமோ எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வளைவுக்கும் அப்படி ஓர் அடையாளத்தைத் தாளில் எழுதுங்கள். நிழல் மட்டும் வேண்டாம். இந்த கேமில் நேரம் மாறும், நிழலும் நகரும்.

லகூனா சேகாவின் பெயர்பெற்ற கார்க்ஸ்க்ரூ வளைவில் இந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்று புரியும். மேட்டில் ஏறிக்கொண்டே வருகிறீர்கள். உச்சியைத் தாண்டினால் சாலை இடது பக்கம் திரும்பி, உடனே வலது பக்கம் திரும்பி, சுமார் 18 மீட்டர் கீழே இறங்குகிறது. பிரேக் பிடிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் சாலையே தெரியாது, வானமும் மரங்களும்தான் தெரியும். நிஜ ஓட்டுநர்களும் இங்கே தொலைவில் தெரியும் மரத்தைக் குறிவைத்துத்தான் இறங்குகிறார்கள். கோடு போட்டிருக்கும்வரை இந்த வளைவு ஒரு சாதாரண இடது–வலது. கோட்டை எடுத்த முதல் சுற்றில் கை தயங்கும். அதனால் அடையாளத்துக்குச் சற்று முன்னதாகவே பிரேக் பிடித்துப் பழகுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கார் நீளம் தள்ளிப் பிடியுங்கள். வளைவின் உள் ஓரத்தைத் தொட முடியாமல் வெளியே தள்ளப்பட்டால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், ஒரு படி பின்வாங்குங்கள். உள் ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்க வேண்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் பிரேக் இடம்.

கோட்டை முழுசாக எடுத்த பிறகும் ஐந்து சுற்றுக் கணக்கு தொடரட்டும். வித்தியாசம் ஒரு வினாடிக்குள் வந்து, நடு நேரமும் எதிராளியை நெருங்கியதும் லெவல் 5.

கேம் மாறினால், டிராக் மாறினால்

கேமுக்குக் கேம் அளவு வேறு. எஃப்1 வரிசை கேம்களில் எதிராளியின் லெவலை 0 முதல் 110 வரை வைக்கலாம். அங்கே ஒரு உதவியை எடுக்கும்போது ஐந்து புள்ளி குறைத்து, பிறகு இரண்டு இரண்டாக ஏற்றலாம். 'கிரான் டுரிஸ்மோ 7' போன்ற கேமில் மூன்றே படிகள். ஒரு படி ஏறினாலே பெரிய தாவல் என்பதால் அங்கே எதிராளியை அப்படியே விட்டுவிட்டு, காரின் சக்தியைக் கூட்டிக் குறைத்து இடைவெளியைச் சரிசெய்துகொள்வது நடைமுறை. எந்த கேமிலும் ஒரு டிராக்கில் சரியாக இருந்த லெவல் இன்னொரு டிராக்கில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கணினி ஓட்டுநர்கள் சில டிராக்குகளில் கில்லாடிகள், சிலவற்றில் சுமார்.

அதனால் புது டிராக்குக்குப் போகும்போது பயிற்சிச் சுற்றுகளில் கோட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், லெவலை ஒன்று குறையுங்கள். அடையாளங்களை எழுதி முடித்ததும் பந்தயத்துக்கு முன் கோட்டை அணையுங்கள். ஐந்து சுற்றுக்குப் பிறகு நடு நேரத்தைப் பார்த்து லெவலைச் சரிசெய்யுங்கள். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை மட்டும் திரும்பப் போட வேண்டாம். பிரேக் இடம் டிராக்குக்கு டிராக் மாறும். பிரேக்கை நிதானமாக விடப் பழகிய விரல் எந்த டிராக்குக்குப் போனாலும் கூடவே வரும்.